குணகத்தைச் சரியாகத்தான் படிக்கிறோமா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

லீனியர் ரிக்ரஷனை ஓட்டியாயிற்று. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, அட்டவணையில் குணகங்கள் வரிசையாக நிற்கின்றன. கோளாறு பெரும்பாலும் இதற்கு அடுத்த படியில்தான் நுழைகிறது, அதாவது அந்த எண்ணை ஒரு வாக்கியமாக எழுதும்போது. "இது ஒரு அலகு கூடினால் விளைவு இவ்வளவு மாறும்" என்பது எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம். சில மாடல்களுக்கு அது பொருந்தும். சிலவற்றுக்குப் பொருந்தாது, வருகிற அபத்தத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்னும் சிலவற்றில் வாக்கியம் நியாயமாகத் தெரியும், ஆனால் தப்பாக இருக்கும். எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசி வகைதான்.

எல்லா அறிகுறிகளையும் ஒரே டேட்டாவில் பார்ப்போம். ஆர் மொழியோடு கூடவே வரும் `mtcars`. 1974ஆம் ஆண்டின் மோட்டார் டிரெண்ட் என்ற அமெரிக்க இதழிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம் அதில் இருக்கிறது. `mpg` என்பது ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்பது, நம் பேச்சில் மைலேஜ். `wt` எடை, `hp` குதிரைத்திறன். `am` என்பதில் 0 என்றால் ஆட்டோமேட்டிக் கியர், 1 என்றால் மேனுவல். எதையும் தரவிறக்க வேண்டாம், கீழே வரும் வரிகளை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சோதனை

எந்த அறிகுறி தென்பட்டாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். எந்தக் காரணியின் குணகத்தைப் படிக்கிறோமோ அதில் மட்டும் ஒரு அலகு வித்தியாசம் வைத்து, மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும்படி இரண்டு கற்பனை வரிசைகளை மாடலிடம் கொடுத்து, வரும் கணிப்புகளைக் கழித்துப் பார்ப்பது.

```r
m1 <- lm(mpg ~ wt, data = mtcars)
coef(m1)
diff(predict(m1, data.frame(wt = c(3, 4))))
```

குணகம் -5.344. கழித்து வந்த விடையும் -5.344. 3, 4 என்பதற்குப் பதில் 2, 3 போட்டாலும் அதே விடை. அப்படியானால் இந்த மாடலில் "ஒரு அலகுக்கு இவ்வளவு" என்று சொல்வதற்கு இடமிருக்கிறது. கழித்த விடை நீங்கள் எழுதிய வாக்கியத்தோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, இடத்துக்கு இடம் மாறினாலோ, திருத்த வேண்டியது வாக்கியத்தைத்தான். இந்தச் சோதனை பிடிக்காத தவறுகளும் உண்டு, அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

அறிகுறி: எண் நம்ப முடியாத அளவு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது

எடை ஒரு அலகு கூடினால் மைலேஜ் 5.34 குறைகிறது. ஒரு அலகு என்பது ஒரு பவுண்டா, ஒரு கிலோவா? இரண்டும் இல்லை. `wt` ஆயிரம் பவுண்டுகளில் இருக்கிறது, அதாவது ஒரு அலகு கிட்டத்தட்ட 454 கிலோ. `?mtcars` என்று உதவிப் பக்கத்தைத் திறந்தால் அங்கே எழுதியிருக்கும். திறக்காமலேயே அறிக்கை எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆயிரம் பவுண்டு நம் வாசகருக்கு மனதில் பதியாது. 100 கிலோவை ஒரு அலகாக்கிவிடலாம்:

```r
mtcars$wt100 <- mtcars$wt * 4.536
coef(lm(mpg ~ wt100, data = mtcars))
```

இப்போது குணகம் -1.18. காரும் அதுதான், கோடும் அதுதான், டி மதிப்பும் ஆர்-ஸ்கொயரும் ஒரு துளி மாறவில்லை. 100 கிலோ கூடுதலாக உள்ள காரின் மைலேஜ் சராசரியாகக் கேலனுக்கு 1.18 மைல் குறைவு. விளைவின் அலகையும் மாற்றினால் லிட்டருக்குச் சுமார் அரை கிலோமீட்டர் குறைவு. இப்படிச் சொன்னால் கார் ஓட்டுகிற யாருக்கும் உடனே புரியும்.

இதே கோளாறு இன்னொரு வேஷத்திலும் வரும். `mpg ~ wt + hp` என்று ஓட்டினால் எடையின் குணகம் -3.88, குதிரைத்திறனின் குணகம் -0.032. "எடைக்குத்தான் முக்கியத்துவம், குதிரைத்திறன் ஒன்றுமில்லை" என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் குதிரைத்திறனின் ஒரு அலகு ஒரேயொரு குதிரைத்திறன், இந்தக் கார்களிலோ அது 52இலிருந்து 335 வரை விரிகிறது. 100 குதிரைத்திறன் வித்தியாசத்துக்கு 3.2 மைல் போகிறது, அது சிறிய எண்ணே இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு குணகத்தையும் அந்தந்தக் காரணியின் திட்ட விலக்கத்தால் பெருக்கிப் பாருங்கள். எடைக்கு 3.8, குதிரைத்திறனுக்கு 2.2 வருகிறது. நூறு மடங்கு என்று தோன்றிய இடைவெளி இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

அறிகுறி: இன்னொரு காரணியைச் சேர்த்ததும் குணகம் சரிந்துவிட்டது

அதிகக் குழப்பம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

```r
coef(lm(mpg ~ am, data = mtcars))
coef(lm(mpg ~ am + wt, data = mtcars))
```

முதல் மாடலில் `am` குணகம் 7.245. மேனுவல் கார்களின் மைலேஜ் ஏழு மைலுக்கு மேல் அதிகம். இரண்டாவதில் அதே `am` குணகம் -0.024. ஏழு மைல் எங்கே போயிற்று? எதுவோ கெட்டுவிட்டது என்று எடையை மாடலிலிருந்து எடுத்துவிடுகிறவர்களும் உண்டு, முதல் எண் பொய் என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம்.

இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். முதல் மாடல் கேட்பது: இந்த 32 கார்களில் மேனுவல் கார்களின் சராசரிக்கும் ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவது கேட்பது: ஒரே எடையுள்ள இரண்டு கார்களில் ஒன்று மேனுவல், ஒன்று ஆட்டோமேட்டிக் என்றால் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு காரணி சேரும்போதும் "மற்றவை ஒன்றாக இருக்க" என்ற பகுதி நீள்கிறது. அதனால் கேள்வியும் மாறுகிறது.

காணாமல் போன ஏழு மைலுக்குக் கணக்கு உண்டு, கையாலேயே போடலாம். இந்த டேட்டாவில் மேனுவல் கார்கள் ஆட்டோமேட்டிக் கார்களைவிடச் சராசரியாக 1.358 அலகு எடை குறைந்தவை. இரண்டாவது மாடலில் எடையின் குணகம் -5.353. இரண்டையும் பெருக்கினால் 7.269. அதோடு `am` குணகமான -0.024ஐச் சேர்த்தால் 7.245, அதாவது முதல் மாடலின் குணகம் அப்படியே திரும்பி வருகிறது.

```r
b <- coef(lm(mpg ~ am + wt, data = mtcars))
g <- coef(lm(wt ~ am, data = mtcars))["am"]
b["am"] + b["wt"] * g
```

இது தோராயமான பொருத்தம் இல்லை. ஒரே வரிசைகளில் இரண்டு மாடலையும் ஓட்டியிருந்தால் எப்போதும் துல்லியமாகக் கூடிவரும். ஆகவே ஒரு குணகம் திடீரென்று மாறினால் முதலில் இந்தக் கூட்டலைப் போடுங்கள். வித்தியாசம் எந்த வழியாக ஓடியது என்று தெரிந்துவிடும். கூட்டல் வரவில்லையா, பெரும்பாலும் புதுக் காரணியில் விடுபட்ட மதிப்புகள் இருந்து, இரண்டாவது மாடலில் வரிசைகள் குறைந்திருக்கும். `nobs()` போட்டால் அது தெரியும்.

சரி, அறிக்கையில் எந்த எண்ணைப் போடுவது? என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் காலத்து மேனுவல் கார் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஆட்டோமேட்டிக்கைவிட மைலேஜ் எவ்வளவு அதிகம் எதிர்பார்க்கலாம் என்பதுதான் கேள்வி என்றால் 7.245 சரியான பதில். கியர் வகையே மைலேஜைத் தீர்மானிக்கிறதா என்று கேட்டால் எடையை ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியே காரைக் கனமாக்குகிறது, எடை வித்தியாசமும் கியரின் விளைவுதானே என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கு இடமுண்டு, ஆனால் இங்கே வித்தியாசம் 616 கிலோ. ஒரு கியர்பெட்டியால் அவ்வளவு எடை கூடாது. ஆட்டோமேட்டிக் பக்கம் இருப்பவை காடிலாக், லிங்கன், கிறைஸ்லர் போன்ற பெரிய வண்டிகள், மேனுவல் பக்கம் ஹோண்டா சிவிக்கும் ஃபியட்டும். எந்தக் காரணியை ஒன்றாக வைப்பது என்ற முடிவை இப்படிப்பட்ட பொருளறிவை வைத்துத்தான் எடுக்க முடியும். பி மதிப்பு அதைச் சொல்லாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். -0.024 என்பதை "கியருக்கு விளைவே இல்லை" என்று படிக்கக்கூடாது. `confint()` ஓட்டினால் 95 சதவீத இடைவெளி சுமார் -3.2 முதல் +3.1 வரை விரிகிறது. மூன்று மைல் நல்லதாகவும் இருக்கலாம், மூன்று மைல் கெட்டதாகவும் இருக்கலாம் என்பதே டேட்டா சொல்வது. அப்புறம், "ஒரே எடையில்" என்ற ஒப்பீட்டுக்கு உண்மையான கார்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேனுவலில் மிகக் கனமானது 3.57, ஆட்டோமேட்டிக்கில் மிக இலேசானது 2.465. இந்த இரண்டுக்கும் இடையில் மட்டும்தான் இரு வகையும் இருக்கின்றன. அதற்கு வெளியே மாடல் ஒப்பிடவில்லை, கோட்டை நீட்டி ஊகிக்கிறது.

அறிகுறி: பெருக்கல் உறுப்பு சேர்த்ததும் குணகம் அபத்தமாகப் பெருத்துவிட்டது

எடைக்கும் மைலேஜுக்கும் உள்ள உறவு இரு வகைக் கார்களிலும் ஒன்றுதானா என்று பார்க்க `mpg ~ am * wt` ஓட்டுகிறோம். `am` குணகம் இப்போது 14.88. சற்று முன் பூஜ்யத்தை ஒட்டி நின்ற எண்! "மேனுவல் என்றால் 15 மைல் லாபம்" என்று எழுதினால் அது இந்தப் பதிவிலேயே மோசமான தவறு.

பெருக்கல் உறுப்பு உள்ள மாடலில் `am` குணகம் தனியாகச் சொல்வது, எடை பூஜ்யமாக இருக்கும்போது உள்ள வித்தியாசத்தை. எடையே இல்லாத கார் எங்கும் கிடையாது. முதலில் சொன்ன சோதனையை இரண்டு எடைகளில் ஓட்டினால் விஷயம் வெளிச்சத்துக்கு வரும்:

```r
m3 <- lm(mpg ~ am * wt, data = mtcars)
diff(predict(m3, data.frame(am = 0:1, wt = 2)))
diff(predict(m3, data.frame(am = 0:1, wt = 3)))
```

எடை 2 என்றால் மேனுவலுக்கு 4.28 மைல் அதிகம். எடை 3 என்றால் 1.02 மைல் குறைவு. பெருக்கல் உறுப்பின் குணகம் -5.298. எடை ஒவ்வொரு அலகு ஏறும்போதும் மேனுவலின் லாபம் அவ்வளவு கரைகிறது, 2.8 அருகே லாபமும் நஷ்டமும் இல்லாமல் போகிறது. இந்த மாடலில் "கியரின் விளைவு" என்று ஒற்றை எண் கிடையாது. எந்த எடையில் என்று சேர்த்துச் சொன்னால்தான் வாக்கியம் முழுமை பெறும்.

அட்டவணையில் பொருள் உள்ள எண்ணே வர வேண்டும் என்றால் எடையின் பூஜ்யத்தை நகர்த்துங்கள். `I(wt - 3)` என்று எழுதி ஓட்டினால் `am` குணகம் -1.02 ஆகிவிடும். கணிப்புகள் எதுவும் மாறாது. `am` குணகத்தின் திட்டப் பிழையும் பி மதிப்பும் மாறும், ஏனென்றால் இப்போது கேட்கும் கேள்வி வேறு. பெருக்கல் மாடலில் தனிக் குணகத்தின் நட்சத்திரக் குறியைப் பார்த்து "முக்கியம்", "முக்கியமில்லை" என்று தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்பதில்லை. பூஜ்யத்தை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து அந்த நட்சத்திரம் வரும், போகும்.

அறிகுறி: லாக் எடுத்த பிறகு எண்ணுக்கு என்ன அலகு என்றே தெரியவில்லை

`log(mpg) ~ wt` ஓட்டினால் குணகம் -0.272. இது 0.272 மைல் கிடையாது. சரியாக 27.2 சதவீதமும் கிடையாது. `exp(-0.272)` போட்டால் 0.762. ஆயிரம் பவுண்டு கூடினால் மைலேஜ் முன்பு இருந்ததில் 76 சதவீதமாகிறது, அதாவது சுமார் 24 சதவீதம் குறைகிறது. குணகம் 0.05 போலச் சிறிதாக இருந்தால் நூறால் பெருக்கிச் சதவீதம் என்று சொல்வதில் பெரிய பிழை வராது. 0.27இலேயே மூன்று சதவீதப் புள்ளி தவறுகிறது. குறைவு எத்தனை மைல் என்பது தொடங்கும் இடத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மைலேஜ் அதிகமுள்ள இலேசான காருக்கு 24 சதவீதம் என்பது அதிக மைல்.

அறிகுறி: வகைகளின் குணகங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை

சிலிண்டர் எண்ணிக்கையை `factor(cyl)` என்று கொடுத்தால் 6க்கு -6.92, 8க்கு -11.56 வருகின்றன. "6இலிருந்து 8க்குப் போனால் 11.56 மைல் குறையும்" என்று படித்தால் தவறு. அட்டவணையில் காணாத 4 சிலிண்டர்தான் அடிப்படை, இரண்டு குணகங்களும் அதிலிருந்து அளந்தவை. 6க்கும் 8க்கும் இடையே உள்ளது 4.64 மைல்தான்.

`factor` போட மறந்து `cyl` என்று மட்டும் கொடுத்தால் ஒரு சிலிண்டருக்கு -2.88 என்று ஒரே எண் வரும். நான்கிலிருந்து ஆறுக்கும் ஆறிலிருந்து எட்டுக்கும் ஒரே சரிவு என்று அந்த மாடல் வைத்துக்கொள்கிறது. உண்மையில் முதல் தாவலில் சிலிண்டருக்கு 3.46, இரண்டாவதில் 2.32. சிலிண்டருக்காவது எண் பொருள் இருக்கிறது. மாவட்டக் குறியீட்டையோ பொருள் வகைக் குறியீட்டையோ இப்படி எண்ணாகக் கொடுத்துவிட்டால் அந்தக் குணகத்தைப் படிக்க வழியே இல்லை.

அறிகுறி: டேட்டாவில் இரண்டு வரிசையை எடுத்துப் பார்த்தால் குணகம் சொன்னது நடக்கவில்லை

`mpg ~ wt + hp` மாடலில் எடையின் குணகம் -3.88 என்று பார்த்தோம். டேட்டாவில் 110 குதிரைத்திறன் உள்ள கார்கள் மூன்று: மஸ்டா ஆர்எக்ஸ்4, அதன் வேகன் வடிவம், ஹார்னெட் 4 டிரைவ். எடை 2.62, 2.875, 3.215. மைலேஜ் 21, 21, 21.4. எடை ஏற ஏற மைலேஜ் குறையக் காணோம், கடைசியில் கொஞ்சம் ஏறியும் இருக்கிறது.

மாடல் பொய் சொல்லவில்லை. குணகம் சராசரிகளை ஒப்பிடுகிறது, தனித்தனிக் கார்களுக்கு உறுதி தரவில்லை. இந்த மாடலில் ஒரு காரின் உண்மை மைலேஜ் கணிப்பிலிருந்து விலகுவதன் வழக்கமான அளவு 2.6 மைல். மூன்று கார்களின் எடை வித்தியாசத்துக்கு எதிர்பார்க்கும் குறைவோ 2.3 மைல். சிதறல் அதைவிடப் பெரிதாக இருக்கும்போது மூன்று காரில் குணகம் தலைகாட்டாதது இயல்பு. "ஒரு கார் 100 கிலோ கூடினால் இவ்வளவு குறையும்" என்பதற்குப் பதில் "100 கிலோ கூடுதலான கார்கள் சராசரியாக" என்று எழுதினாலே இந்த முரண் தீர்ந்துவிடும்.

இனி முதல் சோதனையில் சிக்காத தவறு. "காரின் எடையை 100 கிலோ குறைத்தால் மைலேஜ் இவ்வளவு ஏறும்." கணிப்புகளைக் கழித்துப் பார்த்தால் எண் அச்சுப் பிசகாமல் வரும், ஆனாலும் வாக்கியம் தவறு. `mtcars`இல் யாரும் எந்தக் காரின் எடையையும் குறைத்துப் பார்க்கவில்லை. இலேசான கார் ஒன்றையும் கனமான கார் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டுக்கும் எஞ்சின் கொள்ளளவு வேறு, பின் அச்சின் கியர் விகிதம் வேறு, தயாரித்த நாடே வேறு. ஒரே காரின் பின்சீட்டைக் கழற்றி எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் குணகத்தில் பதில் இல்லை. "குறைத்தால்", "கூட்டினால்" என்ற வினைகளை அறிக்கையில் தேடுங்கள். பரிசோதனையாகச் செய்த டேட்டா கையில் இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் "குறைவாக உள்ள", "கூடுதலாக உள்ள" என்று மாற்றுங்கள்.

இந்த டேட்டாவுக்கு நான் எழுதக்கூடிய வாக்கியம் இப்படி இருக்கும்: "1973–74 காலத்தைச் சேர்ந்த இந்த 32 கார்களில், குதிரைத்திறன் ஒன்றாக உள்ள கார்களை ஒப்பிட்டால், 100 கிலோ கூடுதல் எடையுள்ளவற்றின் மைலேஜ் சராசரியாகக் கேலனுக்கு 0.85 மைல் குறைவு. 95 சதவீத இடைவெளி 0.57 முதல் 1.14 வரை. பார்த்த எடைகள் சுமார் 690 கிலோ முதல் 2,460 கிலோ வரை."